ஐபோனிலிருந்து நேராக எஸ்எஸ்டிக்கு: மூன்று மணி நேர அரங்கேற்றத்தை அறுந்துபோகாமல் பதிவுசெய்ய முழு வழிகாட்டி

இது ஒரு குறிப்பிட்ட வேலைக்கான வழிகாட்டி. சபா ஒன்றில் பரதநாட்டிய அரங்கேற்றம். மூன்று மணி நேரம். முக்காலியில் நிற்கும் ஒரு ஐபோன் 15 புரோ அல்லது அதற்குப் பின் வந்த புரோ மாடல். அதன் யுஎஸ்பி-சி துளையில் ஒரு எஸ்எஸ்டி. வீடியோ போனுக்குள் சேராமல் நேராக அந்த டிரைவுக்குப் போக வேண்டும். கல்யாணம், கச்சேரி, கருத்தரங்கு எதுவானாலும் இதே ஏற்பாடுதான். ஆண்ட்ராய்டு போன்களில் கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறுவதால் அவற்றை இங்கே தொடவில்லை.

புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் வேகத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கடையில் இருப்பதிலேயே வேகமான டிரைவை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் பதிவு பாதியில் நிற்பதைப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் மின்சாரமோ கேபிளோதான். போனுக்கும் டிரைவுக்கும் நடுவே உள்ள தொடர்பு ஒரு கணம் விட்டுப்போனாலும் பதிவு அங்கேயே முடிந்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கணத்தைத் தவிர்ப்பதற்காகத்தான்.

## 1. முதலில் இடத்துக்குக் கணக்குப் போடுங்கள்

போனுடன் வரும் கேமரா ஆப், புரோரெஸ் வகை வீடியோவை மட்டுமே வெளி டிரைவில் எழுதும். வழக்கமான எச்இவிசி வீடியோ எடுத்தால், டிரைவ் செருகியிருந்தாலும் அது போனுக்குள்தான் போகும். புரோரெஸ் கொழுத்த ஃபைல். அதனால் டிரைவ் வாங்கும் முன்பே கணக்குப் போட வேண்டும்.

4கே, வினாடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்தால், புரோரெஸ் 422 எச்க்யூ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 332 ஜிபி பிடிக்கும். மூன்று மணி நேரத்துக்கு 996 ஜிபி. ஒரு டிபி டிரைவ் போதும்போலத் தெரியும், ஆனால் போதாது. அரங்கேற்றம் என்றால் சிறப்பு விருந்தினர் பேச்சு, குருவுக்கு மரியாதை என்று அரை மணி நேரமாவது நீளும். 2 டிபி டிரைவ் எடுங்கள்.

30 ஃபிரேமுக்குப் போனால் மணிக்குச் சுமார் 398 ஜிபி. 60க்குப் போனால் அதற்கு இரண்டு மடங்கு. முக்காலியில் நிற்கும் ஒற்றைக் கேமராவுக்கு 60 தேவையில்லை என்பது என் கருத்து. ஜதிகளில் கால்வேகம் நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் 2 டிபி டிரைவ் இரண்டரை மணி நேரத்தில் நிரம்பிவிடும்.

அவ்வளவு பெரிய டிரைவ் கையில் இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் உதவும். அதில் புரோரெஸ் எல்டி என்ற மெலிந்த வகை உண்டு. பாதிக்கும் குறைவான இடம்தான் பிடிக்கும். எச்.265 வீடியோவையும் அது வெளி டிரைவிலேயே எழுதும்.

## 2. டிரைவ்: உச்ச வேகத்தைப் பார்க்காதீர்கள்

4கே 60 ஃபிரேம் வரை பதிவுசெய்ய டிரைவ் வினாடிக்குக் குறைந்தது 220 எம்பி எழுத வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்றால், 60 ஃபிரேம் புரோரெஸ் வினாடிக்குத் தருவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். நம் 25 ஃபிரேமுக்கு 92 எம்பியே போதும். அட்டைப்பெட்டியில் 1000 எம்பி என்று போட்டிருக்கும் டிரைவுக்கு இது ஒன்றுமே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்எஸ்டிக்குள் வேகமாக எழுதும் ஒரு சிறு பகுதி உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் வேகம் அந்தப் பகுதிக்கு உரியது. அது நிரம்பியதும் உண்மையான வேகம் வெளியே வரும். சில மலிவான டிரைவ்களில் அது 100 எம்பிக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டு நிமிடம் சோதித்துப் பார்த்தால் இது தெரியாது. வர்ணத்தின் நடுவில்தான் தெரியும்.

இரண்டாவது, டிரைவ் இழுக்கும் மின்சாரம். நேரடியாகச் செருகினால் போன் 4.5 வாட் வரைதான் தரும். சாம்சங் டி7 போன்ற கையடக்க டிரைவ்கள் பொதுவாக இதற்குள் அடங்கிவிடும். கம்ப்யூட்டரில் போடும் என்விஎம்இ எஸ்எஸ்டியைத் தனி உறைக்குள் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சும்மா இருக்கும்போது அது அமைதியாக இருக்கும். எழுதத் தொடங்கியதும் திடீரென்று கூடுதலாக இழுக்கும். போன் அதிக மின்சாரம் என்று எச்சரிக்கை காட்டும், அல்லது எதுவும் சொல்லாமல் டிரைவைக் கைவிட்டுவிடும்.

சுழலும் ஹார்டு டிஸ்க் இந்த வேலைக்கு ஆகாது. பென் டிரைவும் வேண்டாம்.

## 3. கேபிள்: போனுடன் வந்ததை வீட்டிலேயே வையுங்கள்

ஐபோன் பெட்டியில் வரும் கேபிள் யுஎஸ்பி 2 வகை. சார்ஜ் போடுவதற்கு நல்லது. ஆனால் அதில் வினாடிக்குச் சுமார் 40 எம்பிதான் போகும், நமக்கு வேண்டியதோ 92. இதுவும் வேகமான கேபிளும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பையில் அவசரமாகத் துழாவும்போது இதுதான் கையில் வரும். டிரைவ் திரையில் தோன்றும், ஃபைல்கள் தெரியும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். பதிவு மட்டும் தொடங்காது, அல்லது தொடங்கிய உடனே நின்றுவிடும்.

டிரைவுடன் பெட்டியில் வந்த குட்டைக் கேபிளே பெரும்பாலும் சரியானது. தனியாக வாங்கினால் 10 ஜிபிபிஎஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஒரு சாண் நீளத்தில் வாங்குங்கள். அதில் கலர் டேப் ஒன்றைச் சுற்றி வைத்தால் பிறகு குழப்பம் வராது.

கேபிளின் எடையை யுஎஸ்பி துளை தாங்கக் கூடாது. டிரைவ் தொங்கிக்கொண்டிருந்தால் முக்காலியைத் திருப்பும்போதெல்லாம் முனை லேசாக அசையும், ஒரு அசைவில் தொடர்பு விடும். டிரைவை முக்காலியின் தலைப்பகுதியில் வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். கேபிளைப் போன் மாட்டியிருக்கும் கிளாம்பில் ஒரு இடத்தில் இறுக்கி, துளைக்கு முன்னால் கொஞ்சம் தொய்வு விடுங்கள். யாராவது கேபிளை இழுத்தாலும் இழுப்பு அந்தக் கட்டோடு நின்றுவிடும்.

## 4. ஃபார்மேட்

டிரைவ் ஏபிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்க வேண்டும். ஒரே பார்ட்டிஷன், கடவுச்சொல் பூட்டு இல்லாமல். டிரைவுடன் வரும் பாதுகாப்பு மென்பொருளை ஆர்வத்தில் நிறுவிப் பூட்டுப் போட்டுவிட்டால் கேமரா அதில் எழுதாது.

எடிட்டிங் மேக்கில் மட்டும் என்றால் ஏபிஎஃப்எஸ் வையுங்கள். திடீரென்று கழன்றாலும் அது சேதத்தைத் தாங்கும். விண்டோஸுக்கும் போக வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட்தான் வழி, ஆனால் எழுதும்போது பிடுங்கினால் அது எளிதில் கெட்டுப்போகும்.

மேக்கில் Disk Utility திறந்து, View பட்டியலில் Show All Devices தேர்ந்தெடுத்து, மேலே இருக்கும் டிரைவின் பெயரையே பிடித்து அழியுங்கள். உள்ளே இருக்கும் பகுதியை மட்டும் அழித்தால் பழைய பார்ட்டிஷன்கள் அப்படியே மறைந்து கிடக்கும். Scheme என்ற இடத்தில் GUID Partition Map இருக்கட்டும்.

## 5. போனில் செய்ய வேண்டியவை

Settings > Camera > Formats போய் Apple ProRes ஐ இயக்குங்கள். அதன் கீழே வண்ண வகையைக் கேட்கும். வண்ணத் திருத்தம் செய்யத் தெரிந்தவர் இருந்தால் லாக். இல்லையென்றால் எஸ்டிஆர் போதும். லாக்கில் எடுத்துவிட்டு அப்படியே குடும்பத்தாரிடம் கொடுத்தால், பட்டுப்புடவை எல்லாம் ஏன் சாம்பல் பூத்துக் கிடக்கிறது என்று கேட்பார்கள்.

அப்புறம் Settings > Camera > Record Video போய் Show PAL Formats ஐ இயக்கினால்தான் 25 ஃபிரேம் கண்ணில் படும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டப விளக்குகள் பல அதே தாளத்தில் மினுங்கும். 25 ஃபிரேம் அதோடு ஒத்துப்போவதால் திரையில் பட்டைகள் ஓடுவது குறையும். 30இல் எடுப்பவர்கள் எடிட்டிங்கில் இந்த மினுக்கலோடு போராடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பதிவு தொடங்கும் முன் ஏரோபிளேன் மோடு. அழைப்பு ஒன்று வந்து பதிவைக் கலைத்துவிடக் கூடாது.

## 6. மின்சாரம்: பெரும்பாலோர் சறுக்கும் இடம்

யுஎஸ்பி-சி துளை ஒன்றுதான். அதில் டிரைவைச் செருகிவிட்டால் சார்ஜர் எங்கே போவது? இதற்கிடையில் போன் தன் பேட்டரியிலிருந்தே டிரைவுக்கும் மின்சாரம் கொடுக்கிறது. மூன்று மணி நேரத்தை அந்தப் பேட்டரியை நம்பி எடுக்கக் கூடாது.

ஒரு வழி, போனின் பின்புறம் மேக்சேஃப் பவர் பேங்க் ஒட்டுவது. எளிது, கேபிள் தொல்லை இல்லை. ஆனால் வயர்லெஸ் சார்ஜ் சூட்டைக் கிளப்பும். புரோரெஸ் எழுதும் போன் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும். ஏசி அரங்கில் சமாளிக்கலாம். திறந்தவெளிக் கோயில் மண்டபத்தில் சித்திரை மாதம் என்றால் வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது மின்சாரம் உள்ளே வாங்கும் வசதியுள்ள யுஎஸ்பி-சி ஹப். போனில் ஹப், ஹப்பில் டிரைவும் பவர் பேங்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல ஹப்களில் `PD` என்று குறித்த யுஎஸ்பி-சி துளை சார்ஜுக்கு மட்டும்தான், டேட்டா போகாது. டிரைவை அதில் செருகிவிட்டு டிரைவ் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப்போனவர்கள் உண்டு. டிரைவுக்கான துளை 5 ஜிபிபிஎஸ் அல்லது 10 ஜிபிபிஎஸ் என்று குறித்திருக்க வேண்டும். நம் வேலைக்கு 5 கூடப் போதும்.

இப்போது முக்கியமான விஷயம். ஹப்புக்கு வரும் மின்சாரம் நின்றாலோ புதிதாக வந்தாலோ, யார் யாருக்கு மின்சாரம் தருவது என்பதை ஹப்பும் போனும் மறுபடி பேசி முடிவுசெய்கின்றன. அந்த இடைவெளியில் பல ஹப்கள் டிரைவின் தொடர்பை ஒரு கணம் துண்டித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நேரம்தான், ஆனால் பதிவு நிற்க அது போதும்.

இதிலிருந்து மூன்று விதிகள் வருகின்றன. பதிவு ஓடும்போது பவர் பேங்கைச் செருகாதீர்கள், கழற்றாதீர்கள். பவர் பேங்க் தீர்ந்துபோகும் வரை விடாதீர்கள், அதுவும் கழற்றுவது மாதிரியேதான். சுவர் பிளக்கை நம்பாதீர்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் வரும் அந்தச் சில வினாடியில் பதிவும் போய்விடும். அரங்கத்துக்கு யுபிஎஸ் இருக்கிறது என்று சொல்வார்கள், அது பெரும்பாலும் ஒலிக் கருவிகளுக்குத்தான். பவர் பேங்கைச் சுவரில் சார்ஜ் போட்டபடியே அதிலிருந்து ஹப்புக்குக் கொடுப்பதும் பாதுகாப்பு இல்லை. சுவர் மின்சாரம் வந்து போகும்போது சில பவர் பேங்குகள் தாங்களே ஒருமுறை அணைந்து எரியும்.

எனவே முழுவதும் நிரம்பிய, 20 வாட்டுக்கு மேல் தரும் இரண்டு பவர் பேங்குகள் வேண்டும். ஒன்று ஓடும், இன்னொன்று பையில் இருக்கும்.

## 7. வீட்டில் முழு ஒத்திகை

டிரைவின் நீடித்த வேகத்தை முதலில் கம்ப்யூட்டரில் பாருங்கள். மேக்கில் டெர்மினலைத் திறந்து இதை ஓட்டலாம். `SABHA` என்பது நீங்கள் டிரைவுக்கு வைத்த பெயர்.

```
dd if=/dev/zero of=/Volumes/SABHA/test.bin bs=1m count=300000
```

இது சுமார் 315 ஜிபி எழுதும். நடுநடுவே `Control-T` அழுத்தினால் அதுவரை உள்ள சராசரி வேகத்தைக் காட்டும். தொடக்கத்தில் பெரிய எண், அப்புறம் மெல்லக் குறையும். சராசரி என்பதால் உண்மையான வீழ்ச்சி அதைவிடக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 200 எம்பிக்கு மேல் நின்றால் நம் 25 ஃபிரேமுக்குத் தாராளம். விண்டோஸில் ஒரு பெரிய ஃபோல்டரை டிரைவுக்குக் காப்பி செய்தால் வேகத்தின் கோடு எங்கே சரிகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முடிந்ததும் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள்.

அடுத்தது முழு ஏற்பாட்டுடன் ஒத்திகை. அதே போன், அதே ஹப், அதே கேபிள், அதே பவர் பேங்க். நாற்பது நிமிடம் விடாமல் ஓடவிடுங்கள். நாற்பது ஏனென்றால், அரங்கேற்றத்தில் நீளமான உருப்படியான வர்ணம் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் போகும். அதுவே நீங்கள் நிறுத்தாமல் எடுக்க வேண்டிய மிகப் பெரிய துண்டு. சுமார் 220 ஜிபி ஆகும்.

ஓடும்போது போனைத் தொட்டுப் பாருங்கள். திரை தானாக மங்கினால் சூடு ஏறுகிறது என்று பொருள். கவரைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். டிரைவைப் போனின் முதுகில் ஒட்டும் பிடிப்புகள் அழகாக இருக்கும், ஆனால் இரண்டு சூடான பொருட்களை முதுகோடு முதுகு கட்டிவைப்பது நீண்ட பதிவுக்கு உதவாது.

இந்த ஒத்திகை வீடியோவை அழிக்காமல் வைத்திருங்கள். ஏன் என்பது 10ஆம் படியில் வரும்.

## 8. அரங்கில் இணைக்கும் வரிசை

வரிசை மாறினால் போன் ஹப்புக்கு மின்சாரம் தரத் தொடங்கி, பிறகு வாங்கும் நிலைக்கு மாறி, நடுவில் டிரைவ் ஒருமுறை விழுந்தெழும். அதனால் முதலில் பவர் பேங்கை ஹப்பில் செருகுங்கள். அடுத்து டிரைவை. கடைசியில் பூட்டைத் திறந்து வைத்திருக்கும் போனில் ஹப்பைச் செருகுங்கள். பூட்டிய போன் சில நேரம் வெளிக் கருவியை ஏற்காது.

Files ஆப்பைத் திறந்து டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கேமராவில் வீடியோவுக்குப் போய்ப் புரோரெஸ் பொத்தானைத் தொடுங்கள். திரையின் மேலே `USB-C` என்று காட்ட வேண்டும். இதைப் பார்க்காமல் சிவப்புப் பொத்தானை அழுத்துவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. டிரைவ் இணையாவிட்டால் பதிவு போனின் உள்நினைவகத்துக்குப் போகும். 256 ஜிபி போன் முழுக்கக் காலியாக இருந்தாலும் முக்கால் மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும்.

பத்து வினாடி பதிவுசெய்து, Files ஆப்பில் டிரைவைத் திறந்து அந்த ஃபைலை ஓட்டிப் பாருங்கள். Photos ஆப்பில் தேடாதீர்கள், டிரைவில் எழுதியவை அங்கே வராது.

## 9. பதிவு ஓடும்போது

மூன்று மணி நேரத்தையும் ஒரே ஃபைலாக எடுக்காதீர்கள். ஒவ்வொரு உருப்படி முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் நிறுத்துங்கள். அறுந்தாலும் ஒரு உருப்படியோடு போகும். எடிட் செய்பவருக்கும் அலாரிப்பு, ஜதிஸ்வரம் எனப் பிரித்தே கிடைக்கும்.

ஆடை மாற்றும் இடைவேளையில் பவர் பேங்கை மாற்றுங்கள். முதலில் பதிவை நிறுத்துங்கள், ஐந்தாறு வினாடி பொறுங்கள், பிறகு ஹப்பைப் போனிலிருந்து கழற்றுங்கள், அதன் பிறகே பவர் பேங்கை மாற்றி 8ஆம் படியின் வரிசையில் மறுபடி இணையுங்கள். `USB-C` எழுத்தை மறுபடி பாருங்கள். பழைய பவர் பேங்கில் இன்னும் பாதி இருக்கிறதே என்று விடாதீர்கள். அடுத்தது வர்ணமாக இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள்.

முக்காலியின் கால்களைச் சுற்றி நாற்காலி போட்டு மறித்து வையுங்கள். குழந்தைகள் ஓடும் அரங்கில் எந்தத் தொழில்நுட்பமும் இதற்கு ஈடில்லை.

## 10. நடுவில் அறுந்துவிட்டால்

வீடியோ ஃபைலைத் திறக்கத் தேவையான அட்டவணை பொதுவாகப் பதிவு நிற்கும்போதுதான் முழுமையாக எழுதப்படும். திடீரென்று தொடர்பு போனால் டேட்டா டிரைவில் இருக்கும், ஃபைல் மட்டும் திறக்காமல் போகலாம். அல்லது கடைசிச் சில வினாடிகள் இல்லாமல் திறக்கும்.

நிகழ்ச்சி தொடர்கிறது என்றால் அந்த டிரைவில் மேலும் எழுதாதீர்கள். எழுதினால் பழைய டேட்டாவின் மீதே எழுத வாய்ப்பு உண்டு. இன்னொரு டிரைவ் இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் போனுக்குள்ளேயே எச்இவிசியில் எடுங்கள். 4கே 30 ஃபிரேமில் நிமிடத்துக்கு 170 எம்பி அளவுதான் ஆகும், மீதி நிகழ்ச்சி அதில் அடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்து விண்டோஸில் செருகினால், டிரைவைச் சரிசெய்யவா என்று கேட்கும். உடனே சரி என்று தட்டாதீர்கள். திறக்கும் ஃபைல்களை எல்லாம் முதலில் காப்பி எடுங்கள். உடைந்த ஃபைலை மீட்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் அதே போனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கேட்கும். ஒத்திகை வீடியோவை வைத்திருக்கச் சொன்னது அதற்குத்தான்.

## 11. முடிந்ததும்

கடைசிப் பதிவை நிறுத்திய கையோடு கேபிளைப் பிடுங்காதீர்கள். எழுதி முடிக்கச் சில வினாடிகள் ஆகும். Files ஆப்பில் கடைசி ஃபைல் திறந்து ஓடுகிறது என்று பார்த்த பிறகு கழற்றுங்கள்.

அன்று இரவே இரண்டு இடங்களில் காப்பி எடுங்கள். ஒரு டிபி அளவுக்கு நேரம் பிடிக்கும், தூங்கப் போகும் முன் போட்டுவிடலாம். காலையில் ஃபைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொன்றையும் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் ஓட்டுங்கள். எடிட் முடிந்து குடும்பத்தார் கைக்குப் போகும் வரை எஸ்எஸ்டியை அழிக்க வேண்டாம். அதற்கு முன் வேறு நிகழ்ச்சி வந்தால் வேறு டிரைவில் எடுங்கள்.